பிஆர்ஓ வேலை ஓசூர் நிருபரின் அடுத்த படி அல்ல

மாவட்டப் பக்கங்கள் குறையும்போதெல்லாம் ஓசூர், கிருஷ்ணகிரி நிருபர்களுக்கு ஒரே ஆறுதல்தான் சொல்லப்படுகிறது. “உங்க ஊர்ல கம்பெனிக்கா பஞ்சம்? எழுதத் தெரியும், கலெக்டர் ஆபீஸ்ல இருந்து போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் ஆளைத் தெரியும். ஏதாவது ஒரு கம்பெனியில பிஆர்ஓவா போயிடுங்க, சம்பளமும் கூட வரும்.” ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இதைச் சொல்கிறார்கள். இதழியல் மாணவர்களிடம் பேச வருபவர்கள் சொல்கிறார்கள். பெங்களூரில் விளம்பர நிறுவனங்களுக்குப் போய்விட்ட நண்பர்களும் சொல்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த எல்லைப் பகுதியின் நிருபருக்கு இது தவறான ஆலோசனை. அவரிடம் இருக்கும் அரிய சரக்கை விட்டுவிட்டு, எளிதில் தேய்ந்துபோவதை விற்கச் சொல்கிற ஆலோசனை.

இங்கே ‘ஆட்குறைப்பு’ எப்படி நடக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். சென்னையில் அது செய்தியாகிறது. 2020இல் கொரோனா முடக்கத்தின்போது விகடன் குழுமத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தது நாடு முழுக்கப் பேசப்பட்டது. தேன்கனிக்கோட்டையிலும் சூளகிரியிலும் யாரும் யாரையும் வேலையை விட்டு நீக்குவதில்லை. இரண்டு தாலுகா ஒரே நிருபரின் கைக்குப் போகும். மாவட்டப் பக்கம் பக்கத்து மாவட்டத்தோடு சேர்க்கப்படும். மாதாமாதம் வந்துகொண்டிருந்த சிறு தொகை நின்று, வரும் செய்திக்கு மட்டும் காசு என்று ஆகும். விளம்பரக் கமிஷனை நம்பித்தான் வீடு நடக்கும். 1955ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் ஆட்குறைப்புக்கு மூன்று மாத முன்னறிவிப்பு கேட்டது. நியமனக் கடிதமே இல்லாத தாலுகா நிருபருக்கு அதனால் எந்தப் பயனும் இருந்ததில்லை. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பழைய சட்டமும் அவற்றுக்குள் அடங்கிவிட்டது. ஆக, இந்த நிருபர் இழப்பீட்டுத் தொகையோடு வெளியே வருபவர் அல்ல. அடுத்த மாதமே வருமானம் வேண்டும் என்ற நெருக்கடியில் இருப்பவர். அதனால்தான் அவருக்குத் தரும் ஆலோசனை சரியாக இருக்க வேண்டும்.

முதல் தவறு, கம்பெனி இருக்கும் ஊரில் கம்பெனியின் தகவல் தொடர்பு வேலையும் இருக்கும் என்று நினைப்பது. ஓசூரில் டிவிஎஸ் மோட்டார் இருக்கிறது, அசோக் லேலண்ட் இருக்கிறது, டைட்டன் இருக்கிறது, ஏத்தர் இருக்கிறது. போச்சம்பள்ளியில் ஓலா எலெக்ட்ரிக் இருக்கிறது. இங்கே இருப்பவை தொழிற்சாலைகள். டிவிஎஸ்ஸின் தலைமையகமும் அசோக் லேலண்டின் தலைமையகமும் சென்னையில். டைட்டன், ஏத்தர், ஓலா மூன்றின் தலைமையகமும் பெங்களூரில். பத்திரிகை அறிக்கை எழுதப்படுவதும், ஏஜென்சிக்குப் பணம் கொடுக்கப்படுவதும், முதலீட்டாளர்களுக்கான வாசகம் தீர்மானிக்கப்படுவதும் அங்கேதான். அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். பெங்களூர் நாற்பது கிலோமீட்டர்தான் என்பதால் அந்த வேலை ஓசூருக்கு வந்துவிடுவதில்லை. தூரம் குறைவு என்பதால்தான் அது இங்கே வர வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது.

தொழிற்சாலை வாசலுக்குள் நிருபருக்குக் கிடைப்பது வேறு வேலை. எச்ஆர் பிரிவின் கீழே ‘லயசன்’ என்ற பெயரில் ஓர் இடம் இருக்கும். ஊராட்சித் தலைவருக்குப் போன் செய்வது, தீயணைப்புத் துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகங்களில் கோப்பு எங்கே இருக்கிறது என்று பார்ப்பது, கோவில் திருவிழாவுக்கு நன்கொடை கேட்டு வருபவர்களைச் சமாளிப்பது, எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே ஒரு விபத்து நடந்தால் உள்ளூர் நிருபர்களைக் கையாள்வது. அவரை வேலைக்கு எடுப்பது அந்தக் கடைசி வேலைக்காகத்தான். அவர் எழுதுவதற்காகச் சம்பளம் தருவதில்லை. அவருடைய பழைய நண்பர்கள் எழுதாமல் இருப்பதற்காகத் தருகிறார்கள்.

அந்தச் சம்பளம் எத்தனை நாள் நிலைக்கும்? ஆட்சியர் மாறுவார், எஸ்பி மாறுவார், வட்டாட்சியர் அதைவிட வேகமாக மாறுவார். நிருபராக இருந்தவரை புதிதாக வந்த அதிகாரியை முதல் வாரமே போய்ப் பார்த்தோம், அவரும் பேசினார். கம்பெனி ஆளாகப் போய் நின்றால் அதே கதவு அவ்வளவு எளிதாகத் திறக்காது. அவர் நம்மிடம் பேசியதற்குக் காரணம் நம் நட்பு அல்ல, நமக்குப் பின்னால் இருந்த பத்திரிகை. பழைய நண்பர்களும் ஒவ்வொருவராகத் தொழிலை விட்டு விலகுகிறார்கள். இரண்டு மூன்று வருடத்தில் போன் புத்தகத்தில் பாதிப் பெயர் பயனற்றுப் போகும்போது, லயசன் ஆளின் மதிப்பும் அதோடு இறங்குகிறது. தொடர்புகளை மட்டும் முதலாக வைத்துப் போனவர்கள் இப்படி நடுவில் நிற்பதைப் பார்த்த பிறகுதான் இந்தக் கோபம் எனக்கு வந்தது.

தகவல் தொடர்புத் துறையையே நான் பழிக்கவில்லை. அதை நேர்மையாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். நகரத்தில் டெஸ்க்கில் இருந்தவர், இரண்டு மொழியில் பிழையின்றி வேகமாக எழுதுபவர், தலைப்பும் சுருக்கமும் கைவந்தவர் அங்கே போனால் அவருடைய திறமை அப்படியே பயன்படும். களத்தில் இருந்த மாவட்ட நிருபரின் திறமை அது அல்ல. 2024 செப்டம்பர் 28 அதிகாலை உத்தனப்பள்ளி அருகே நாகமங்கலத்தில் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் தீப்பிடித்தபோது, ஐபோன் பாகங்கள் செய்யும் இடம் என்பதால் உலகமே அந்தச் செய்தியைப் படித்தது. நிறுவனத்தின் அறிக்கை சில வரிகள்தான்: தீ ஏற்பட்டது, ஊழியர்கள் பாதுகாப்பாக இருக்கிறார்கள், காரணம் விசாரிக்கப்படுகிறது. தகவல் தொடர்பு வேலையின் விளைபொருள் அந்தச் சில வரிகள். உள்ளூர் நிருபர்களுக்கோ வேறு பல விஷயங்கள் தெரியும். எந்த ஷிப்டுக்கு எந்தப் பக்கமிருந்து பஸ் வருகிறது, வெளி மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வந்த பெண்கள் எந்த விடுதிகளில் தங்கியிருக்கிறார்கள், ஒப்பந்தக்காரரின் ஆட்கள் யார், நிறுவனத்தின் நேரடி ஆட்கள் யார் என்பதெல்லாம். அந்த அறிவுக்கு அறிக்கையில் இடமில்லை. ஆய்வில் இருக்கிறது.

இங்கேதான் இரண்டாவது தவறான நம்பிக்கை குறுக்கே வருகிறது. ஆய்வு என்றால் பிஎச்டி படித்தவர்களின் வேலை, பல்கலைக்கழகத்தில் நடப்பது, நமக்கு அதில் என்ன இருக்கிறது என்ற நம்பிக்கை. பேராசிரியர் பதவிக்குப் பட்டம் வேண்டும் என்பது உண்மை. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையில் சமூகப் பொருளாதாரப் பகுதிக்கு நிபுணராகக் கையெழுத்திடவும் அங்கீகாரமும் தகுதியும் கேட்கிறார்கள். ஆனால் இந்த மாவட்டத்தில் நடக்கும் ஆய்வுகளில் பெரும்பகுதி அப்படிப்பட்டது அல்ல. ஒரு சட்ட விதி அதற்குச் சந்தையை உண்டாக்கியிருக்கிறது. அதைப் பற்றி இங்கே யாரும் நிருபர்களிடம் பேசுவதே இல்லை.

நிறுவனச் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ நிகரச் சொத்துமதிப்போ உள்ள நிறுவனம் தன் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். சிஎஸ்ஆர் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். 2021 ஜனவரியில் சிஎஸ்ஆர் விதிகள் திருத்தப்பட்டன. ஆண்டுக்குச் சராசரியாக 10 கோடி ரூபாயோ அதற்கு மேலோ சிஎஸ்ஆர் கடமை உள்ள நிறுவனம், 1 கோடி ரூபாயோ அதற்கு மேலோ செலவிட்ட ஒவ்வொரு திட்டத்தையும், அது முடிந்து குறைந்தது ஒரு வருடம் ஆன பிறகு, வெளியே உள்ள ஒரு சுதந்திரமான அமைப்பைக் கொண்டு தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும். அந்த மதிப்பீட்டு அறிக்கை இயக்குநர் குழுவின் முன் வைக்கப்பட்டு, ஆண்டு சிஎஸ்ஆர் அறிக்கையோடு இணைக்கப்பட வேண்டும். 2022 செப்டம்பரில் இன்னொரு திருத்தம் வந்தது. மதிப்பீட்டுக்கான செலவாக, அந்த ஆண்டின் சிஎஸ்ஆர் செலவில் 2 சதவீதம் அல்லது 50 லட்சம் ரூபாய், இரண்டில் எது அதிகமோ அதுவரை கணக்கில் எழுதலாம். ஆண்டுக்கு 20 கோடி செலவிடும் நிறுவனத்துக்கு 2 சதவீதம் என்றால் 40 லட்சம். 50 லட்சம் அதைவிட அதிகம் என்பதால் அந்த எல்லை வரை போகலாம்.

அந்தப் பணம் மும்பை, டெல்லி, பெங்களூர் ஆலோசனை நிறுவனங்களுக்குப் போகிறது. அவர்கள் களவேலையை ஒரு துணை ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கிறார்கள். அவர் கல்லூரி மாணவர்களைப் பிடித்து, நிரப்பும் ஒவ்வொரு படிவத்துக்கும் இவ்வளவு என்று கொடுக்கிறார். கிருஷ்ணகிரியின் கிராமம் பற்றிய அறிக்கையில் கிருஷ்ணகிரியை அறிந்தவர் எவரும் இல்லாமல் போவது இப்படித்தான். ஓசூர் நிருபர் நிற்க வேண்டிய இடம் அந்த இடைவெளியில் இருக்கிறது.

அந்த வேலை உண்மையில் என்ன கேட்கிறது என்பதை ஓர் உதாரணத்தில் வைத்துப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. சூழ்நிலை இந்த மாவட்டத்தில் யாருக்கும் பழக்கமானது. ஒரு நிறுவனம் 12 குக்கிராமங்களில் ஆர்ஓ குடிநீர் நிலையங்கள் அமைத்தது. மொத்தம் 1,800 வீடுகள். நிறுவனத்தின் பட்டியலில் 900 குடும்பங்களுக்குக் கார்டு கொடுத்திருக்கிறார்கள். “900 குடும்பங்கள் தினமும் பாதுகாப்பான குடிநீர் பெறுகின்றன” என்பது நிறுவனத்தின் கூற்று. மூன்று வருடம் ஆகிவிட்டது, மதிப்பீடு செய்ய வேண்டும்.

இந்தக் கூற்றைக் கேட்டதும் நல்ல நிருபர் கணக்குப் போடுவார். ஒரு கேன் 20 லிட்டர். வீட்டுக்குத் தினம் ஒரு கேன் என்றாலே 900 வீட்டுக்கு 18,000 லிட்டர் வேண்டும். இயங்கும் நிலையங்கள் எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு 6,000 லிட்டர்தான் தருகின்றன என்று லாக் புத்தகம் சொன்னால், 300 கேன்தான் போகிறது. கார்டு எண்ணிக்கை பயன்பாட்டு எண்ணிக்கை ஆகிவிட்டது என்பது அங்கேயே தெரியும். லாக் புத்தகத்தையும் அப்படியே நம்பக் கூடாது. ஒரே பேனாவில் ஒரே நாளில் மூன்று மாதத்துக்கும் எழுதியிருப்பார்கள். மின்கட்டண ரசீதைக் கேட்டால், யூனிட் ஏறக்குறைய பூஜ்யமாக இருக்கும் மாதங்களில் நிலையம் மூடிக் கிடந்தது வெளியே வந்துவிடும். இதெல்லாம் நிருபரின் கை. படிவம் நிரப்ப வந்த மாணவருக்கு இது தோன்றாது.

இனி வருவது நிருபருக்குத் தெரியாதது, அவர் கற்றுக்கொண்டே ஆக வேண்டியது. ஊருக்குள் போனதும் நாம் டீக்கடைக்குப் போவோம். ஊராட்சித் தலைவரைப் பார்ப்போம். நன்றாகப் பேசும் ஓர் ஆளிடம் அருமையான ஒரு வாசகம் கிடைக்கும். செய்திக்கு அது போதும். ஆய்வில் அந்த மனிதர் 1,800 வீடுகளில் ஒரு வீடு மட்டுமே. பட்டியலை நிறுவனத்திடம் வாங்கவே கூடாது. அதில் கார்டு வாங்கியவர்கள்தான் இருப்பார்கள், வாங்க முடியாதவர்கள் இருக்க மாட்டார்கள். ஊராட்சியிலோ அங்கன்வாடியிலோ முழு வீட்டுப் பட்டியலை எடுத்து, ஒன்று முதல் ஆறு வரை ஓர் எண்ணைக் குலுக்கி, அந்த வீட்டில் தொடங்கி ஒவ்வொரு ஆறாவது வீடாகப் போனால் 300 வீடு வரும். அந்த வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குப் போய்விடக் கூடாது. இங்கே அது மிகப் பெரிய பொறி. காலை பதினொரு மணிக்கு பேகேபள்ளியிலோ பாகலூரிலோ பூட்டியிருக்கும் வீடு, கணவனும் மனைவியும் சிப்காட் ஷிப்டுக்குப் போன வீடு. அவர்களை விட்டுவிட்டால் ஆய்வில் முதியவர்களும் விவசாயிகளும் மட்டுமே மிஞ்சுவார்கள். ஷிப்டு பஸ் திரும்பும் நேரம் தெரிந்து மாலையில் மறுபடி போக வேண்டும்.

கேள்வி கேட்கும் விதமும் மாற வேண்டும். “இந்தத் திட்டம் உங்களுக்குப் பயன்பட்டதா?” என்று கேட்டால் நம் ஊரில் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். வீட்டுக்கு வந்தவரிடம் முகத்தில் அடித்தாற்போல் பேசுவது வழக்கம் இல்லை. “நேற்று நீங்கள் குடித்த தண்ணீர் எங்கிருந்து வந்தது? அந்தக் குடத்தைக் காட்ட முடியுமா?” என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும். பேரிகையிலும் தளியிலும் வீட்டுக்குள் பேசுவது தெலுங்காகவோ கன்னடமாகவோ இருக்கும். ஆங்கிலத்தில் தயாராகி, சென்னைத் தமிழில் மாற்றப்பட்ட கேள்வித்தாளை அங்கே அப்படியே வாசித்தால் எல்லாக் கேள்விக்கும் ‘ஆமாம்’ வரும். மூன்று மொழியிலும் தயங்காமல் கேட்கத் தெரிந்த ஓசூர் நிருபரை பெங்களூர் ஆலோசனை நிறுவனம் எங்கே தேடினாலும் எளிதில் கண்டுபிடிக்க முடியாது.

அடுத்தது தண்ணீர். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம் என்பது பழைய செய்தி. இந்திய தர நிர்ணயத்தின்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரம் இல்லாதபோது 1.5 வரை பொறுக்கலாம். நிலையத்தில் இருக்கும் ஆபரேட்டர் பேனா போன்ற டிடிஎஸ் மீட்டரைத் தண்ணீரில் விட்டு எண்ணைக் காட்டி, “சுத்தமான தண்ணி சார்” என்பார். படம் எடுக்க அது நன்றாக இருக்கும். அந்த மீட்டர் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவை மதிப்பிடுகிறதே தவிர, அதில் புளோரைடு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. மாதிரி எடுத்து குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் போன்ற ஓர் இடத்தில் கொடுத்தால்தான் தெரியும். பிள்ளைகளின் பல்லில் கறை குறைந்துவிட்டது என்று ஆசிரியர் ஒருவர் சொன்னால் அதையும் அப்படியே எழுதிவிடக் கூடாது. புளோரைடு கறை, பல் எனாமல் உருவாகும் வயதில், ஏறக்குறைய எட்டு வயதுக்குள் படிவது. மூன்று வருடத்துக்கு முன் வந்த நிலையம், இன்று பன்னிரண்டு வயதான பிள்ளையின் முன்பற்களில் ஏற்கெனவே படிந்த கறையை மாற்ற முடியாது.

கடைசியாக வருவது எல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வி. நிலையம் வந்திருக்காவிட்டால் இந்தக் கிராமங்களில் என்ன நடந்திருக்கும்? 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியது. புளோரைடு பாதிப்பைக் குறைப்பதற்கென்றே வந்த திட்டம் அது. இந்த 12 கிராமங்களில் சிலவற்றுக்கு அந்தக் காவிரி நீரும் வந்துகொண்டிருக்கும். முட்டுவலி குறைந்ததென்றால் அது நிறுவனத்தின் நிலையத்தாலா, ஒகேனக்கல் குழாயாலா? நிலையம் இல்லாத, ஆனால் அதே ஒகேனக்கல் இணைப்பு உள்ள வேறு கிராமங்களை ஒப்பிட்டுப் பார்க்காமல் பதில் கிடையாது. எந்த ஊருக்கு வாரத்தில் எத்தனை நாள் ஒகேனக்கல் தண்ணீர் வருகிறது, எங்கே குழாய் மட்டும் இருக்கிறது, தண்ணீர் இல்லை என்பதைப் பல வருடமாக எழுதி வந்தவர் யார்? சாலை மறியல் நடக்கும்போதெல்லாம் அங்கே போய் நின்ற தாலுகா நிருபர்தான். ஆலோசனை நிறுவனம் எந்தக் கிராமத்தை எதனோடு ஒப்பிடுவது என்று தெரியாமல் திண்டாடும் இடத்தில் அவரிடம் பதில் இருக்கிறது.

அவருடைய பழைய நோட்டுப் புத்தகங்களுக்கும் இதே மதிப்பு உண்டு. ஒவ்வோர் ஆண்டும் கேழ்வரகு முற்றும் காலத்தில் பன்னேர்கட்டாவிலிருந்து யானைக் கூட்டங்கள் தளி, ஜவளகிரி வழியாக இறங்கி சானமாவு காட்டுக்கு வருகின்றன. எந்தத் தேதியில் எந்த ஊரில் எத்தனை யானை, என்ன பயிர், ஆள் இழப்பு உண்டா என்று நிருபர் எழுதி வைத்தது ஓர் ஆய்வாளருக்குத் தரவு. கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கிய தேதிகளும் அப்படித்தான். பெங்களூரில் மழை பெய்த தேதியையும் மதகு திறந்த தேதியையும் அவற்றோடு பொருத்திப் பார்க்க முடியும். ஆனால் இந்தத் தரவில் ஒரு சாய்வு இருக்கிறது, அதையும் நாமே முன்கூட்டிச் சொல்ல வேண்டும். நெடுஞ்சாலைக்குப் பக்கத்து ஊரில் ஒரு யானை வந்தாலும் செய்தியானது. அஞ்செட்டி மலைக்கிராமத்தில் பத்து வந்தாலும் போன் வராவிட்டால் நமக்குத் தெரியாமல் போனது. செய்தி வராத நாள் சம்பவம் இல்லாத நாள் அல்ல. இதை ஏற்றுக்கொள்ளும் நிருபரின் பதிவேட்டைத்தான் ஆய்வாளர்கள் நம்புவார்கள்.

எதிர்வாதம் ஒன்று வலுவானது. ஆய்வு வேலை திட்டத்துக்குத் திட்டம் வருவது, நான்கு மாதம் இருக்கும், அடுத்த மூன்று மாதம் இருக்காது. லயசன் வேலையில் ஒன்றாம் தேதி சம்பளம் வருமே? உண்மை. குழந்தைகளின் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியவரிடம் இதைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் இங்கே ஒப்பிட வேண்டியது நிரந்தர வேலையோடு அல்ல. தாலுகா நிருபரின் வருமானமும் நிரந்தரமாக இருந்ததில்லை. படிவத்துக்கு இவ்வளவு என்று போகும் கணக்கெடுப்பாளராக நுழைந்தால்தான் அவர் தோற்பார். அந்தக் கூலி குறைவு, அதைவிட, அது பொய்யை ஊக்குவிக்கும் கூலி. நாற்பது நிமிடம் எடுக்க வேண்டிய படிவம் ஒன்பது நிமிடத்தில் முடிந்திருக்கும், ஐந்து வீட்டின் படிவங்களும் ஒரே மரத்தடியில் நிரப்பப்பட்டிருப்பதை டேப்லெட்டின் ஜிபிஎஸ் காட்டும். அப்படி வந்த படிவங்களில் பத்தில் ஒன்றை எடுத்து, அதே வீட்டுக்கு மறுபடி போய்ச் சரிபார்ப்பவர் ஒவ்வொரு ஆய்வுக்கும் தேவை. சரிபார்ப்புக்கும் களத் திட்டமிடலுக்கும் நாள் கணக்கில் ஊதியம் பேசிக்கொண்டு அந்த இடத்தில் நுழைய வேண்டும். அது நாம் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை.

இன்னொரு எதிர்வாதம், மதிப்பீட்டுக்குப் பணம் கொடுப்பதும் அதே கம்பெனிதானே, பிஆர்ஓவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்பது. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் அது தானாக வராது. விதி ‘சுதந்திரமான அமைப்பு’ என்று கேட்கிறது, அறிக்கை பொதுவெளிக்கு வருகிறது. அந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு களத்துக்குப் போகும் முன்பே எழுத்தில் கேட்க வேண்டும்: வீட்டுப் பட்டியல் எங்கிருந்து வரும், மூடிக் கிடந்த நிலையங்கள் அறிக்கையில் இடம்பெறுமா, என் பெயர் எந்தப் பகுதிக்குக் கீழே வரும் என்று. பதில் வராவிட்டால் அந்த வேலையை விட்டுவிட வேண்டும். அதைவிட முக்கியமான ஒன்று: ஒரு நிறுவனத்தின் மதிப்பீட்டில் வேலை செய்துகொண்டே அதே நிறுவனத்தைப் பற்றிச் செய்தியும் எழுதுவது கூடாது. விளம்பரம் கேட்கப் போன கம்பெனியைப் பற்றியே செய்தி எழுத வேண்டிய நிலையில் இந்த மாவட்டத்தின் நிருபர்களைப் பத்திரிகைகள் நீண்ட காலம் வைத்திருந்தன. அந்தப் பழக்கத்தைப் புதிய தொழிலுக்கும் கொண்டுபோனால் அங்கேயும் நம் சொல்லுக்கு மதிப்பு இருக்காது.

ஆய்வுச் சந்தை எல்லா இடத்துக்கும் எட்டாது என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்த எல்லையில் மிக அதிகமாக ஆய்வு தேவைப்படுவது நிலத்துக்கு. உத்தனப்பள்ளி, நாகமங்கலம் பக்கம் சிப்காட்டுக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து விவசாயிகள் நீண்ட நாள் போராடினார்கள். 2013ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் நிலம் எடுப்பதற்கு முன் சமூகத் தாக்க மதிப்பீடு வேண்டும் என்கிறது. ஆனால் சிப்காட் நிலம் எடுப்பது தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நிலம் கையகப்படுத்தும் சட்டம், 1997இன் கீழ். அதற்கு அந்த மதிப்பீடு தேவையில்லை. 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த விலக்கைச் செல்லாது என்றது, அதே ஆண்டு சட்டமன்றம் புதிய சட்டம் கொண்டுவந்து அதை மீட்டது, 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. எனவே யார் நிலம் எவ்வளவு போனது, குத்தகைக்கு உழுதவர் எங்கே போனார் என்று கேட்க இங்கே யாரும் பணம் கொடுத்து ஆள் அனுப்பப் போவதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியது பத்திரிகைதான். பத்திரிகை சுருங்குவதை நான் இழப்பு என்று சொல்வதும், ஆய்வு அந்த இழப்பை ஈடுகட்டிவிடும் என்று சொல்லாததும் இதனால்தான்.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே. விண்ணப்பத்தோடு பழைய செய்தித் துணுக்குகளை அனுப்பாதீர்கள், அவற்றை அங்கே யாரும் படிப்பதில்லை. உங்கள் பகுதியில் தொழிற்சாலை வைத்திருக்கும் பட்டியலிடப்பட்ட நிறுவனம் ஒன்றின் ஆண்டறிக்கையை அதன் இணையதளத்தில் இறக்குங்கள். சிஎஸ்ஆர் இணைப்பில் உங்களுக்குத் தெரிந்த கிராமத்தின் பெயர் வரும் ஒரு திட்டத்தை எடுங்கள். அங்கே போய், அறிக்கை சொல்லும் எண்ணை எப்படிச் சரிபார்ப்பீர்கள், எந்தப் பட்டியலிலிருந்து எத்தனை வீடு, எந்த நேரத்தில், எந்த மொழியில், எந்த ஊரோடு ஒப்பிட்டு என்று நான்கு பக்கத்தில் எழுதுங்கள். கண்டுபிடித்ததை விட, உங்களால் கண்டுபிடிக்க முடியாமல் போனது எது, ஏன் என்பதற்கு அதில் ஒரு பக்கம் முழுதாக ஒதுக்குங்கள். மதிப்பீட்டு அறிக்கையைத் தயாரித்த ஆலோசனை நிறுவனத்தின் பெயர் பெரும்பாலும் அதே இணைப்பில் இருக்கும். அந்த நான்கு பக்கத்தை அவர்களுக்கு அனுப்புங்கள்.